வாட்ஸ்அப்பில் வந்த பில் போட்டோ… தொகை மாற்றப்பட்டிருக்கிறதா? வரிக் கணக்கே காட்டிக்கொடுக்கும்!

இரவு ஒன்பதரை மணி இருக்கும். சித்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இந்த பில்லைக் கொஞ்சம் பாரேன்மா. மோட்டார் ரூம்ல ஒயர் மாத்துனதுக்கு இவ்ளோவா ஆகும்? காலையில பணம் போடணும்."

சென்னைப் புறநகரில் 24 வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சித்திதான் சங்கப் பொருளாளர். மோட்டார் ரூமிலும் படிக்கட்டிலும் பழைய ஒயரை மாற்றி, டியூப் லைட் போட்டிருக்கிறார்கள். பொருட்களை வாங்கி வந்தது எலக்ட்ரீஷியன். பில்லை போட்டோவாக அனுப்பியது பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். தொகை 25,348 ரூபாய்.

சித்தியின் சந்தேகம் முழுக்க எலக்ட்ரீஷியன் மேல்தான். "நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்றார். "அவசரப்படாதீங்க சித்தி, முதல்ல பில்லைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு கால்குலேட்டரை எடுத்தேன்.

இந்த மாதிரி போட்டோ பில்கள் இன்று எல்லோருக்கும் வருகின்றன. வீடு கட்டுபவருக்கு, கடை வைத்திருப்பவருக்கு, அலுவலகத்தில் செலவுத் தொகையை பாஸ் செய்பவருக்கு. அதில் கைவைத்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது? அந்த ஒரு பில்லை வைத்தே பார்க்கலாம்.

முதலில் கண் அல்ல, கால்குலேட்டர்

பில்லை ஜூம் செய்து எழுத்தை உற்றுப் பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். போட்டோ மங்கலாக இருந்தால் கண் ஏமாறும். கணக்கு ஏமாறாது.

காரணம் எளிது. ஜிஎஸ்டி பில்லில் ஒரு எண்ணும் தனியாக நிற்பதில்லை. எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் அந்த வரியின் தொகை. வரித் தொகைகளைக் கூட்டினால் வரிக்கு முந்தைய மதிப்பு. அதன் மேல் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்து மொத்தம். அந்த மொத்தமே கீழே எழுத்திலும் வரும். ஒரு எண்ணை மாற்றினால் அதைத் தொடர்ந்து ஐந்தாறு இடங்களில் மாற்ற வேண்டும். மாற்றுபவர் பெரும்பாலும் ஒன்றையாவது விட்டுவிடுவார்.

சித்தி அனுப்பிய பில்லில் இருந்தது இதுதான்:

- செம்பு ஒயர், 90 மீட்டர் காயில்: 8 × 2,450 = 19,600
- எல்இடி டியூப் லைட்: 12 × 220 = 2,640
- எம்சிபி சுவிட்ச்: 6 × 185 = 1,110
- வரிக்கு முந்தைய மதிப்பு: 23,350
- சிஜிஎஸ்டி 9%: 999
- எஸ்ஜிஎஸ்டி 9%: 999
- மொத்தம்: 25,348

மேலோட்டமாகக் கூட்டிப் பாருங்கள். மூன்று பெருக்கலும் சரி. 19,600, 2,640, 1,110 மூன்றையும் கூட்டினால் 23,350, அதுவும் சரி. அதோடு 999-ஐ இரண்டு முறை சேர்த்தால் 25,348. அதுவும் சரி! சித்தியும் இப்படித்தான் கூட்டிப் பார்த்திருக்கிறார். "கூட்டல்லாம் சரியா வருதேம்மா" என்றார்.

கூட்டல் சரிதான். சதவிகிதம்தான் தவறு. 23,350-க்கு 9 சதவிகிதம் 2,101 ரூபாய் 50 காசு. பில்லில் இருப்பதோ 999. கடையில் பில்லிங் மென்பொருள் போட்ட பில் இது. வரியைக் கணக்கிடுவது மென்பொருள். அது தசமப் புள்ளியில் சில காசுகள் முன்னே பின்னே போகலாம், ஆயிரம் ரூபாய் தப்பாகப் போடாது.

வரியிலிருந்து பின்னோக்கிப் போனால்…

இங்கேதான் சுவாரசியம். மாற்றியவர் வரியைத் தொடவில்லை என்றால், அந்த 999 என்பது பழைய பில்லின் மிச்சம். எந்தத் தொகைக்கு 9 சதவிகிதம் 999 ஆகும்? 999-ஐ 9-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். வருவது 11,100.

அப்படியென்றால் உண்மையான பில்லில் வரிக்கு முந்தைய மதிப்பு 11,100. இதில் டியூப் லைட்டின் 2,640-ஐயும் எம்சிபியின் 1,110-ஐயும் கழித்தால் மிச்சம் 7,350. ஒரு காயில் 2,450 ரூபாய். 7,350-ஐ 2,450-ஆல் வகுத்தால் சரியாக 3.

எட்டு காயில் இல்லை, மூன்று காயில். யாரோ 3-ஐ 8 ஆக்கியிருக்கிறார்கள். ஒயர் தொகையையும் வரிக்கு முந்தைய மதிப்பையும் மாற்றியிருக்கிறார்கள். பழைய மொத்தத்தோடு வித்தியாசமான 12,250-ஐ அப்படியே கூட்டிவிட்டார்கள். அதனால்தான் கூட்டல் சரியாக வந்தது. வரியை மட்டும் மறந்துவிட்டார்கள். உண்மையான மொத்தம் 11,100 + 999 + 999 = 13,098 ரூபாயாக இருந்திருக்க வேண்டும்.

பின்னம் மிஞ்சாமல் 3 என்று முழு எண்ணாக வந்தது முக்கியம். 2.7 என்றோ 3.4 என்றோ வந்திருந்தால் நம் ஊகம் தவறு, வேறு எங்கோ பிரச்னை என்று அர்த்தம்.

இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. எல்லாப் பொருளுக்கும் 18 சதவிகித வரி என்றால், மொத்தத்தை 1.18-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய மதிப்பு வர வேண்டும். 25,348-ஐ 1.18-ஆல் வகுத்தால் 21,481 ரூபாய் சொச்சம். பில் சொல்வது 23,350. ஒரே பட்டனில் விஷயம் தெரிந்துவிடுகிறது. 13,098-ஐ வகுத்துப் பாருங்கள், சரியாக 11,100 வரும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரே பில்லில் 5%, 18% என்று வெவ்வேறு வரி விகிதங்கள் இருந்தால் இந்தக் குறுக்குவழி செல்லாது. அந்தந்த விகிதத்துக்குரிய பொருட்களைத் தனித்தனியாகக் கூட்டி, தனித்தனியாக வரி போட்டுப் பார்க்க வேண்டும். தள்ளுபடியோ வண்டி வாடகையோ இருந்தால், அது வரிக்கு முன் சேர்ந்திருக்கிறதா, பின்னா என்றும் பார்க்க வேண்டும். 'Round Off' என்று ஒரு ரூபாய்க்கும் குறைவாக வரும் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. போட்டோவின் கீழ்ப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. மொத்தத் தொகை எழுத்தில் வரும் வரியே படத்தில் இல்லை. எண்ணை மாற்றுவது சுலபம். ஒரு முழு வாக்கியத்தை அதே எழுத்தில் மாற்றி எழுதுவது கஷ்டம். அதனால் அதை வெட்டிவிடுவது எளிய வழி. ஓரம் வெட்டுப்பட்ட பில் வந்தால், நான்கு மூலையும் தெரியும்படி இன்னொரு போட்டோ கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது ஜூம் செய்யலாம்

எங்கே பார்க்க வேண்டும் என்று கணக்கு சொல்லிவிட்டது. 8, 19,600, 23,350, 25,348 ஆகிய நான்கு இடங்கள். இனி கண்ணுக்கு வேலை.

ஒரு எண்ணைத் தனியாகப் பார்த்து 'இது வேற ஃபான்ட்டா?' என்று யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதே பில்லில், அதே வரியில், அதே எண் வேறு எங்கே இருக்கிறது என்று தேடி ஒப்பிடுங்கள். ஒயர் வரியிலேயே பொருளின் ஹெச்எஸ்என் குறியீடு 8544 என்று இருந்தது. அதிலுள்ள 8-இன் மேல்வட்டம் சிறியது, கீழ்வட்டம் பெரியது, நடுவில் இடுப்பு ஒடுங்கியது. எண்ணிக்கையில் இருந்த 8-க்கு இரண்டு வட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு. கோடும் கொஞ்சம் தடிமன். ஒரே வரி, ஒரே வெளிச்சம், ஒரே பிரின்டர் என்றால் இரண்டு 8-உம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்தது தசமப் புள்ளி. மென்பொருள் போடும் பில்லில் தொகைகள் வலது பக்கம் ஒட்டி நிற்கும். புள்ளிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் வரும். 7,350.00 இருந்த இடத்தில் 19,600.00 வைக்கும்போது ஒரு இலக்கம் கூடிவிடுகிறது. இந்த பில்லில் அந்தப் புள்ளி மற்ற புள்ளிகளைவிட ஒரு மயிரிழை வலதுபக்கம் தள்ளி நின்றது. போனில் ஒரு தாளின் விளிம்பையோ ஸ்கேலையோ செங்குத்தாக வைத்துப் பார்த்தாலே தெரியும். போட்டோ சாய்வாக இருந்தால் ஸ்கேலையும் அதே அளவு சாய்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எண்ணின் பின்னாலுள்ள தாள். போனில் எடுத்த தாளுக்கு மணல் தூவிய மாதிரி ஒரு லேசான புள்ளி அமைப்பு இருக்கும், நிழலும் மெல்ல மாறிக்கொண்டே போகும். பழைய எண்ணை அழித்து மேலே புதியதை எழுதினால், அந்த இடம் மட்டும் வெள்ளையடித்த சுவர் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். போனின் எடிட் பகுதிக்குப் போய் பிரைட்னஸைக் குறைத்து கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் அந்தச் சதுரம் எழும்பித் தெரியும். 23,350-க்குப் பின்னால் அப்படி ஒரு சதுரம் இருந்தது.

முத்திரை உண்மை, பில் பொய்

சித்திக்கு நம்பிக்கை கொடுத்தது கடையின் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப். "சீல் போட்டிருக்கே" என்று இரண்டு முறை சொன்னார்.

ஜிஎஸ்டி பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 46-வது விதி பட்டியலிடுகிறது. விற்பவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், 16 எழுத்துக்கு மிகாத பில் எண், தேதி, வரி விகிதம், வரித் தொகை, கையெழுத்து என்று போகும் அந்தப் பட்டியலில் ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. சீல் இல்லாத பில் செல்லாது என்பதும் இல்லை, சீல் இருந்தால் தொகை சரி என்பதும் இல்லை.

ஆனால் சீலும் ஒரு சாட்சி சொல்லும். இந்த பில்லில் ஸ்டாம்ப் வட்டத்தின் ஒரு பக்கம் மொத்தத் தொகையின் மேல் ஏறியிருந்தது. உண்மையில் அந்த ஊதாக் கோடு எண்களின் மேலாக வளைந்து போக வேண்டும். படத்தில் 25,348 என்ற இடத்தில் மட்டும் கோடு அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. பழைய தொகையை அழித்தபோது அதன் மேல் இருந்த சீலும் சேர்ந்து அழிந்திருக்கிறது. கடைக்காரர் குத்திய உண்மையான சீல்தான். அதுவே மாற்றத்தைக் காட்டிக்கொடுத்தது.

சீலையே வெட்டி ஒட்டுவது இன்னொரு வகை. அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. மேஜையில் கிடக்கும் தாளைச் சாய்வாகப் போட்டோ எடுத்தால், தாளின் எதிரெதிர் ஓரங்கள் ஒன்றையொன்று நெருங்கும், வட்டமான சீலும் முட்டை வடிவமாகத் தெரியும். தாள் சாய்ந்திருக்க, சீல் மட்டும் காம்பஸில் வரைந்த மாதிரி முழு வட்டமாக இருந்தால், அது தாளோடு சேர்ந்து போட்டோவுக்குள் வரவில்லை. தாளில் மடிப்பு இருந்தால், மடிப்பின் மேல் சீல் லேசாக உடைந்து தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அதே கடையின் பழைய பில் கையில் இருந்தால் இன்னும் நல்லது. கையால் குத்தும் ஸ்டாம்ப் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். ஒரு தடவை இடது பக்கம் மை அதிகம், ஒரு தடவை ஒரு எழுத்து விழாது. இரண்டு பில்லில் ஒரே கோணம், ஒரே இடத்தில் மை விட்டுப்போயிருக்கிறது என்றால், ஒன்று மற்றொன்றிலிருந்து எடுத்தது.

இதெல்லாம் இருந்தாலே போலி என்று சொல்லிவிட முடியாது

நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது. யோக்கியமான பில்லிலும் சந்தேகப்படும்படி பல விஷயங்கள் இருக்கும்.

எழுத்துரு மாறுவது சாதாரணம். கடைப் பெயர் அச்சடித்த பில் புத்தகத்தில் விவரங்களை டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அடிப்பார்கள். மென்பொருளே மொத்தத் தொகையை மட்டும் தடித்த எழுத்தில் போடும். ₹ குறி அந்த எழுத்துருவில் இல்லையென்றால் கம்ப்யூட்டர் வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்ளும். சந்தேகத்துக்குரியது எழுத்துரு மாறுவது அல்ல. ஒரே வகை எண்கள் ஒரே வரிசையில் இருக்க, நடுவில் ஒன்று மட்டும் மாறுவதுதான்.

எழுத்தைச் சுற்றி அழுக்கு மாதிரி தெரிவதும் அப்படியே. வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது படம் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கையாளப்படுவதால் எழுத்தின் ஓரத்தில் கசடு சேரும். நிறத்தை இன்னும் அதிகமாகச் சுருக்குவதால், சிவப்பு, ஊதா சீல்களின் ஓரம் கசிந்து ஒட்டவைத்தது போலவே தெரியும். கசடு எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அது வாட்ஸ்அப்பின் வேலை. ஒரு எண்ணில் மட்டும் இல்லாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்கேனர் செயலியில் எடுத்த படமும் ஏமாற்றும். அது பின்னணியை வெள்ளையாக்கிவிடும், சாய்ந்த தாளை நேராக்கிவிடும். தாளின் புள்ளி அமைப்பையும் முட்டை வடிவச் சீலையும் அதில் தேடிப் பயனில்லை. அதனால் ஸ்கேன் செய்யாத போட்டோவை, வாட்ஸ்அப்பில் 'Document' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது சுருக்கப்படாமல் வரும்.

தலைகீழாகவும் ஒன்று உண்டு. கணக்கு முழுக்கச் சரியாக இருப்பதால் மட்டும் பில் உண்மையாகிவிடாது. வரி உட்பட எல்லாவற்றையும் பொறுமையாக மாற்றியிருந்தால் கால்குலேட்டர் எதையும் பிடிக்காது.

ஜிஎஸ்டி எண்ணைத் தேடினால் போதாதா?

gst.gov.in தளத்தில் 'Search Taxpayer' என்ற பகுதியில் 15 இலக்க எண்ணைக் கொடுத்தால், கடையின் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். லாகின் தேவையில்லை. இல்லாத கடையின் பெயரில் போடும் பில்லைப் பிடிக்க இது நல்ல வழி. 'Composition' திட்டத்தில் இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. அந்தக் கடை பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இருந்தால் அதையும் கேட்கலாம்.

ஆனால் சித்தியின் பில்லுக்கு இது உதவாது. கடை உண்மை, எண் உண்மை, பில் எண்ணும் உண்மை. மாறியது தொகை மட்டும். ஜிஎஸ்டி தளத்தில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துப் பணத்தைப் போட்டிருந்தால் 12,250 ரூபாய் போயிருக்கும்.

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர் என்றால் உங்களுக்கு இதைவிட வலுவான இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், 2023 ஆகஸ்ட் 1 முதல், சில துறைகள் நீங்கலாக, இன்னொரு பதிவு பெற்ற வணிகருக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாகத்தான் போட வேண்டும். அதிலுள்ள க்யூஆர் குறியீட்டுக்குள் பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் டிஜிட்டல் கையொப்பத்தோடு இருக்கும். அதற்கான வெரிஃபையர் செயலியில் ஸ்கேன் செய்து, திரையில் வரும் தொகையையும் தாளிலுள்ள தொகையையும் ஒப்பிட்டால் போதும். பணம் அனுப்புவதற்கான யுபிஐ க்யூஆர் வேறு, இது வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் கணக்கில் மாதாமாதம் 14-ஆம் தேதி உருவாகும் GSTR-2B. விற்பவர் தன் கையால் பதிவேற்றிய தொகை அதில் இருக்கும். போட்டோவில் 25,348, 2B-யில் 13,098 என்றால் எது உண்மை என்று சொல்ல வேண்டியதில்லை. விற்பவர் கணக்கைத் தாக்கல் செய்த பிறகுதான் அது வரும் என்பதால் சில வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பதிவு பெறாத சங்கத்துக்கும் வீட்டுக்காரருக்கும் இந்த இரண்டும் இல்லை. அவர்களுக்கு இருப்பது ஒரிஜினல் தாளும் ஒரு போன் அழைப்பும்தான்.

போன் யாருக்குப் போட வேண்டும்?

மறுநாள் காலை சித்தி கடைக்குப் போன் செய்தார். பில்லில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அதையும் மாற்றியிருக்கலாம் என்று சொல்லியிருந்ததால் கடையின் பெயர்ப் பலகையில் இருந்த எண்ணுக்கே போட்டார். "25,348 ரூபாய் பில் போட்டீங்களா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எதிர்முனையில் பிஸியாக இருப்பவர் "ஆமாம்" என்று சொல்லிவிடக்கூடும். பில் எண்ணையும் தேதியையும் மட்டும் சொல்லி, "மொத்தம் எவ்ளோன்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டார். பதில் வந்தது: "பதிமூணாயிரத்துத் தொண்ணூத்தெட்டுங்க."

அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "பில்லோட ஒரிஜினல் இருக்காப்பா?" அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். 3 காயில், 13,098. ஊதா வட்டம் அறுபடாமல் தொகையின் மேல் போகிறது. கீழே எழுத்திலும் அதே தொகை. இதே பில்லை அன்றே போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பியிருக்கிறார். அந்தப் படம் அவர் போனில் அப்படியே இருக்கிறது. மூன்று பேரிடம் இருந்த படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, எந்தக் கையில் மாறியது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூப்பர்வைசரிடம் விளக்கம் கேட்டு சங்கம் கூட்டம் போட்டிருக்கிறது.

முந்தைய இரவே சித்தி எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டிருந்தால், எட்டு வருடமாக வேலை பார்ப்பவர் திருட்டுப் பட்டத்தோடு போயிருப்பார். ஒரு பில் திருத்தப்பட்டிருக்கிறது என்று போட்டோ சொல்லும். யார் திருத்தினார் என்று சொல்லாது. அது எத்தனை பேர் கைமாறி வந்தது என்பதைப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால்தான் தெரியும். படத்தைத் திருத்திப் புதிதாக அனுப்பும்போது 'Forwarded' என்ற அடையாளம்கூட வராது.

சித்தி இப்போது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு விதி போட்டிருக்கிறார்: "பில்லை போட்டோவா அனுப்பலாம். ஒரிஜினல் கைக்கு வந்த பிறகுதான் பணம்."